அலுவலகத் தீ வெளியேற்ற ஒத்திகை

அலுவலகத்தில் தீப்பிடித்தால் யார் எந்தப் படிக்கட்டில் இறங்குவது, எங்கே கூடுவது, யாரிடம் கணக்குக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது தீ வெளியேற்ற ஒத்திகை. பேச்சுவழக்கில் இது ‘மாக் டிரில்’. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோது, இருட்டிலும் புகையிலும் மக்கள் இறங்கி முடிக்க மணிக்கணக்கானது. அதன்பின் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா ஊழியர்களைத் திரும்பத் திரும்ப ஒத்திகைக்கு இறக்கினார். அதே மையத்தின் மீதான 2001 தாக்குதலில் அங்கிருந்த அந்நிறுவன ஊழியர்கள் சுமார் 2,700 பேரில் பெரும்பாலானோர் தப்பினர். ரெஸ்கோர்லா இறந்தார்.

கூடுமிடம் கட்டடத்தைவிட்டு விலகி, கண்ணாடி உடைந்து விழுந்தாலும் எட்டாத தூரத்தில், தீயணைப்பு வண்டி வரும் பாதையை மறிக்காமல் இருக்க வேண்டும். நம்மூர் வெயிலில் ஆட்கள் நிழல் தேடி போர்ட்டிகோவிலேயே நின்றுவிடுவார்கள். பின்னால் வருபவர்கள் கதவுக்குள்ளேயே தேங்குவார்கள். எனவே, நிழலுள்ள இடமாகவே தேர்ந்தெடுப்பது நல்லது.

மாடிப் பொறுப்பாளர்களை மாடிக்கு இருவராக நியமிப்பது வழக்கம். ஒருவர் விடுப்பில் இருக்கலாம். கழிப்பறை, பேன்ட்ரி, கூட்ட அறை என ஒவ்வொன்றாகப் பார்த்து, கதவுகளைப் பூட்டாமல் சாத்திவிட்டுக் கடைசியாக இறங்கி, ‘மாடி காலி’ என்று தலைமைப் பொறுப்பாளரிடம் சொல்வது அவர்கள் வேலை. வருகைப் பட்டியலைவிட இந்தச் சொல்லே நம்பத்தக்கது. துப்புரவுப் பணியாளர், டீ கொண்டுவருபவர், பார்வையாளர் ஆகியோர் பெயர் பெரும்பாலும் பட்டியலில் இருக்காது. படி இறங்க முடியாதவர்களுக்குத் துணையாட்களையும் முன்பே குறித்து வைக்க வேண்டும்.

மொத்த நேரத்தை மட்டும் குறித்தால் எதுவும் தெரியாது. எடுத்துக்காட்டாக, ஐந்து மாடி, 180 பேர் கொண்ட ஓர் அலுவலகத்தில் 11.00க்கு மணி அடிக்கிறது. முதல் ஆள் படிக்கட்டுக்கு வருவது 11.02. கடைசி ஆள் வெளியே வருவது 11.06. கணக்கு முடிவது 11.13. இறங்க நான்கு நிமிடம்தான் ஆயிற்று. முதல் இரண்டு நிமிடம் லேப்டாப்பை மூடுவதிலும் பையைத் தேடுவதிலும் போனது. பார்வையாளர் பதிவேடு வரவேற்பு மேசையிலேயே கிடந்ததால் கணக்கெடுக்க ஏழு நிமிடம் ஆனது. திருத்த வேண்டியது படிக்கட்டை அல்ல. பதிவேட்டை எடுத்துவரும் பொறுப்பை வரவேற்பாளருக்குக் கொடுக்க வேண்டும். இந்த நேரங்களைக் குறிப்பவர் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. பொறுப்பாளருக்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்த முறை ஒரு படிக்கட்டில் ‘இங்கே தீ’ என்ற பலகையுடன் ஒருவரை நிறுத்தினால், மாற்றுவழி எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வெளிப்படும். முன்னறிவித்து நடத்தும் ஒத்திகையில் இது தெரியாது.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயரமான கட்டடங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்தச் சொல்கிறது.