உப்பு மிகுந்தால் ஒட்டும், குறைந்தால் விடும்

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையைச் செய்யும்போது, அதற்குத் துணையாக இன்னொரு சோதனையையும் செய்வது வழக்கம். எந்தப் பொருளின் விளைவை அறிய விரும்புகிறோமோ, அந்தப் பொருள் மட்டும் இரண்டாவதில் இராது. மற்றவையெல்லாம் முதலாவதில் உள்ளபடியே இருக்கும். இதனை ஒப்பீட்டுச் சோதனை என்பர். அதில் எதுவும் நிகழாது என்பதே எதிர்பார்ப்பு. அப்படி எதிர்பார்த்த இடத்தில் ஏதோ நிகழ்ந்துவிட்டதன் கதை இது.

இஸ்ரேல் நாட்டில், ரெகோவோத் நகரின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் ஷ்முவேல் ஷால்டியேல் என்ற அறிஞரும் அவருடைய உடனுழைப்பாளரும், முயலின் தசையிலிருந்து பாஸ்பாரிலேஸ் என்னும் நொதியைத் தனியே பிரிக்க முயன்று வந்தனர். தசையில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்ற மாவுப் பொருளை உடைப்பது இந்த நொதியின் வேலை. ஆகவே கிளைக்கோஜனையே தூண்டில் இரையாக வைத்தால் என்ன? கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரோஸ் என்ற பொருளின் சிறு மணிகளில் கரியணுச் சங்கிலிகளைப் பொருத்தி, சங்கிலியின் நுனியில் கிளைக்கோஜனைக் கட்டினார்கள். அந்த மணிகளை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, தசைச் சாற்றை மேலிருந்து ஊற்றினார்கள்.

நான்கு கரியணுக்கள் கொண்ட சங்கிலியாயின் நொதி நிற்காமல் ஓடிவிட்டது. எட்டு கரியணுக்கள் கொண்ட சங்கிலியாயின் பிடிபட்டது. இரையை நீட்டிப் பிடித்தால்தான் மீன் கடிக்கும் போலும் என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் ஒப்பீட்டுக் குழாய் அதற்கு இடந்தரவில்லை. கிளைக்கோஜனே இல்லாமல் வெறும் சங்கிலி மட்டும் கொண்ட மணிகளிலும் நொதி அதே போல் நடந்து கொண்டது! அது பிடித்தது இரையை அன்று, தூண்டிற் கயிற்றை.

அந்தக் குழாயைத் தூக்கியெறியாமல், சங்கிலியின் நீளத்தை ஒவ்வொரு கரியணுவாகக் கூட்டிப் பார்த்தனர். ஒன்று, இரண்டு கரியணுக்கள் வரை நொதி நிற்கவில்லை. மூன்றில் சற்றே தாமதித்தது. நான்கில் நின்றது, தக்க கரைசலை ஊற்றினால் உயிர்ப்புடன் வெளிவந்தது. ஆறில் பற்றியதோ உடும்புப் பிடி. அமிலம் ஊற்றித்தான் விடுவிக்க முடிந்தது. வந்த நொதியும் உருக்குலைந்திருந்தது. 1972-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

சங்கிலி என்பது எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு துண்டு. புரதத்தின் மேற்பரப்பிலும் நீரை வெறுக்கும் எண்ணெய்த் திட்டுகள் ஆங்காங்கே உண்டு. இவையிரண்டும் நீரிலிருந்து ஒதுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன என்பது விளக்கம். நல்ல விளக்கந்தான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சங்கிலியை அகரோசில் பொருத்த அன்று கையாண்ட சயனோஜன் புரோமைடு முறை, பொருத்திய இடத்தில் ஒரு நேர் மின்னூட்டத்தையும் விட்டுச் செல்கிறது. புரதங்களிலோ எதிர் மின்னூட்டங்கள் உண்டு. எனவே ஒட்ட வைத்தது எண்ணெயா, மின்சாரமா?

இதைத் தீர்க்க எளிய வழி உண்டு. உப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மின்கவர்ச்சியால் ஒட்டியிருந்தால், உப்பின் அயனிகள் இடையில் புகுந்து மறைப்பதால் பிடி தளரும். எண்ணெய்த் தன்மையால் ஒட்டியிருந்தால் பிடி இறுகும்.

இங்கே நாம் சுவீடன் நாட்டின் உப்சாலா நகருக்குச் செல்ல வேண்டும். அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்னே டிசேலியஸ், நோபல் பரிசு பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். மிகுதியான உப்பைச் சேர்த்தால் புரதம் வீழ்படிவாகும் என்பது பழைய செய்தி. 1888-இலேயே பிராக் நகரில் ஹாப்மைஸ்டர் எந்த உப்பு எவ்வளவு வலியது என்று வரிசைப்படுத்தியிருந்தார். டிசேலியஸ் கண்டது அதற்கு ஒரு படி முந்திய நிலையை. வீழ்படிவாகப் போதாத அளவு உப்பிலேயே, வெறும் நீரில் புரதத்தைத் தீண்டாத சில பொருள்கள் அதை நன்கு உறிஞ்சிக் கொள்கின்றன என்று எழுதினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்தச் செய்தியை எவரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. அதற்கு ஏற்ற மணிகள் அப்போது இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. டிசேலியஸ் 1971-இல் காலமானார். ஷால்டியேலின் கட்டுரை வந்தது அடுத்த ஆண்டில்.

அவருடைய மாணவர்கள் இருவர், போராத், யெர்ட்டேன் என்போர், அதே ஊரில் இந்நூலைப் பற்றினர். 1973-இல் போராத் குழுவினர், செறிந்த உப்புக் கரைசலில் புரதத்தை ஒட்டவைத்து, உப்பைக் குறைத்து விடுவிக்கலாம் எனக் காட்டினர். ‘நீர் வெறுப்பு இடைவினை வண்ணப் பிரிகை’ என்று பொருள்படும் பெயரை அதே ஆண்டில் சூட்டியவர் யெர்ட்டேன். மறு ஆண்டில் அவரும் உடனுழைப்பாளரும் எண்ணெய்க் குழுக்களை ஈதர் பிணைப்பின் மூலம் அகரோசில் பொருத்தினர். ஈதர் பிணைப்பில் மின்னூட்டம் இல்லை. மின்னூட்டமே இல்லாத அந்த மணிகளிலும் புரதம் ஒட்டியது; உப்பு மிகுந்தபோது இறுகவும், குறைந்தபோது தளரவும் செய்தது. ஐயம் தீர்ந்தது.

உப்பு ஏன் இறுக்குகிறது? ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் நெருங்கினால் ஒன்றாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நீரைத் தொடும் பரப்பு அதனால் குறைகிறது. பரப்பை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல் மிச்சமாகிறது. 25 டிகிரி செல்சியசில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன். லிட்டருக்கு இரண்டு மோல் அமோனியம் சல்பேட் கரைந்திருந்தால் அது 4 அல்லது 5 அலகு உயரும். பரப்பின் விலை ஏறிவிட்டதால், ஒட்டிக் கொண்டு பரப்பைக் குறைப்பதில் ஆதாயமும் கூடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் மெலாண்டர், ஹோர்வாத் ஆகியோர் 1977-இல் இவ்வாறு கணக்கிட்டுக் காட்டினர். கணக்கு எல்லா உப்புக்கும் பொருந்தாது. மக்னீசியம் குளோரைடு பரப்பு இழுவிசையை நன்றாகவே உயர்த்துகிறது. ஆனால் அது புரதத்தின் மீதே சென்று பற்றிக் கொள்வதால் எதிர்பார்த்த பலன் தருவதில்லை.

கண்ணாலேயே காணத்தக்க ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒருவகை ஜெல்லி மீனில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று உண்டு. அதற்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி வளர்த்து, செல்களை உடைத்து, சுழற்றித் தெளிந்த சாற்றை எடுத்துக் கொள்ள வேண்டும். லிட்டருக்கு 4 மோல், அதாவது 528 கிராம், அமோனியம் சல்பேட் உள்ள கரைசலைச் சாற்றோடு சம அளவு கலந்தால் 2 மோல் ஆகிறது. வயலுக்கு இடும் அதே உப்புத்தான். குழாயிலுள்ள மணிகளை முன்னதாகவே 2 மோல் கரைசலால் நனைத்திருக்க வேண்டும். சாற்றை ஊற்றிப் புற ஊதா விளக்கில் பார்த்தால், மணிகளின் உச்சியில் பச்சை வளையம் நிற்கும். 1.3 மோல் கரைசலால் கழுவினால் பிடி குறைந்த மற்றப் புரதங்கள் போய்விடும், வளையம் நகராது. கடைசியில் உப்பு அநேகமாக இல்லாத கரைசலை ஊற்றினால், வளையம் இறங்கி வந்து சோதனைக் குழாயில் பச்சையாகச் சொட்டும்.

இது படிப்படியாகக் குறைப்பது. பல புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டுமானால் உப்பு சீராகச் சரிய வேண்டும். ஒரே வடிவுள்ள இரு பாத்திரங்களை அடியில் குழாயால் இணைத்து, ஒன்றில் உப்புக் கரைசலும் மற்றதில் உப்பில்லாக் கரைசலும் வைக்கலாம். உப்புப் பாத்திரத்தைக் கலக்கிக் கொண்டே அதிலிருந்து எடுத்தால், உப்பில்லாத கரைசல் வந்து வந்து சேர, செறிவு நேர்கோட்டில் இறங்கும். எண்ணெய்த் திட்டு குறைந்த புரதம் முதலிலும், மிகுந்தது கடைசியிலும் வெளிப்படும்.

தவறுகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நேர்கின்றன. உப்பு கூடிவிட்டால் புரதம் மணியில் ஒட்டுவதற்குள் சாற்றிலேயே வீழ்படிவாகும். சாறு கலங்கித் தெரியும். அதை ஊற்றினால் குழாய் அடைத்துக் கொள்ளும். குறைந்துவிட்டாலோ பச்சை நிறம் முதல் துளிகளிலேயே ஓடி வந்துவிடும். ஆகவே சிறு சோதனைக் குழாய்களில் பல அளவு உப்பைக் கலந்து, கலங்காத மிக உயர்ந்த அளவை அறிந்த பிறகே தொடங்குவர்.

இன்னொரு தவறு நம் பழக்கத்தால் வருவது. புரதம் கெடாதிருக்கக் குளிர் அறையில் வேலை செய்வோம். பொதுவாகச் சூடேற்றினால் பிடி தளரும் என்றே நாம் நினைப்போம். இங்கே சாதாரண வெப்பநிலைகளில் நடப்பது தலைகீழ். எண்ணெய்ப் பரப்பைச் சுற்றி ஒழுங்குபட்டு நின்ற நீர் மூலக்கூறுகள் விடுபட்டுக் கலைவதே ஒட்டுதலின் முக்கிய உந்துதல்; வெப்பநிலை உயர உயர அந்த உந்துதலும் வலுக்கிறது. அதனால் 25 டிகிரியில் நன்றாக ஒட்டிய புரதம், அதே உப்பில், 4 டிகிரிக் குளிர் அறையில் முன்னதாகவே இறங்கி வந்துவிடக்கூடும். குழாயின் மீது உப்பின் அளவோடு வெப்பநிலையையும் எழுதி ஒட்டுவது அதனால்தான்.