மேடைப் பேச்சின் இடமாற்றம்: யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றிலே பேச்சுவழக்கு மேடையேறிய காலத்தை ஆராய்வோர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடமிருந்தே தொடங்குவது வழக்கம். இலண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். அத்தகைய மொழியியலறிஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சிலே நாடகங்களை எழுதினார். அவை 'நானாடகம்' (1940), 'இரு நாடகம்' (1952) ஆகிய தொகுதிகளாக வெளிவந்தன. இந்நாடகங்களில் வரும் பேச்சுவழக்கை மற்றொரு பிரதேசத்துக்கு, குறிப்பாக வன்னிப் பெருநிலப்பரப்புக்கு, மாற்றும்போது எவை மாறவேண்டும், எவை மாறலாகாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கணபதிப்பிள்ளைக்கு முன்பும் பேச்சுமொழி நாடகத்தில் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு வரையறுக்கப்பட்ட ஓர் இடமே இருந்தது. வடமொழி நாடகத்திலே அரசனும் அந்தணனும் சமஸ்கிருதம் பேச, பெண்டிரும் ஏவலரும் விதூடகனும் பிராகிருதம் பேசுவது மரபு. தமிழ் மேடையிலும் தலைவன் செந்தமிழ் பேச, வேலைக்காரன் கொச்சை பேசிச் சிரிப்பூட்டும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கணபதிப்பிள்ளையின் நாடகங்களிலோ பேச்சுத் தமிழ் ஒரு பாத்திரத்தின் தனியடையாளமாக அமையாமல், நாடக உலகின் பொதுமொழியாகவே அமைந்தது. எல்லாரும் பேசுகின்ற மொழியைக் கேட்டு எவரும் சிரிப்பதில்லை. சிரிப்பு எழுந்தால் அது பாத்திரத்தின் செயலைக் கண்டே எழும்.

இதற்கு நேர்மாறான அமைப்பு வானொலியிலே செல்வாக்குப் பெற்றது. 1970களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரிலும், 1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்' திரைப்படத்திலும் ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு வகைத் தமிழைப் பேசியது. யாழ்ப்பாணத் தமிழும், முஸ்லிம்களின் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும் ஒரே கூரையின் கீழ் மோதின. நகைச்சுவைக்கென்றே வகுக்கப்பட்ட அமைப்பாதலாலும், எல்லா வழக்குகளும் ஏறக்குறைய சமமாகவே சிரிப்புக்கு உள்ளானமையாலும் மக்கள் அதனை விரும்பிக் கேட்டனர். எனினும் அவ்வமைப்பைத் துன்பியல் நாடகத்துக்கோ சமூக நாடகத்துக்கோ கொண்டு செல்வோமாயின், ஒரு பிரதேசத்தவர் வாய் திறந்த மாத்திரத்தே அவையோர் சிரிப்பர். அவர் சொல்லும் துயரம் செவியில் ஏறாது.

இனி வன்னியை நோக்குவோம். வன்னியின் பெயரைத் தாங்கிய நாடகங்களுள் முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' புகழ்பெற்றது. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய வீரனைப் பற்றிய வரலாற்று நாடகமாதலின் செந்தமிழ் நடை அதற்குப் பொருந்தியது. வன்னிக் கிராமத்து வாழ்வு புனைகதையில் விரிவாக இடம்பெற்றதற்கு அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) சான்றாகும்.

வன்னிப் பேச்சு என ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டுதல் இயலாது. முள்ளியவளை, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி முதலிய பழைய ஊர்களின் பேச்சு ஒருபுறம் இருக்க, 1930களிலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் பேச்சு இன்னொருபுறம் வேரூன்றியது. 1970களிலே, சிறப்பாக 1977 வன்செயலின் பின்னர், மலையகத் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். 1995 இடப்பெயர்வு மீண்டும் யாழ்ப்பாணத்தாரைக் கொண்டுவந்தது. எனவே வன்னிக்கு மாற்ற முனைபவர் முதலிற் கேட்கவேண்டிய வினா, இப்பாத்திரத்தின் குடும்பம் எப்போது, எங்கிருந்து வந்தது என்பதேயாம்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாடகத்தில் மகன் தாயிடம் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: "எணேய் அம்மா, உவன் வேலியை ஒரு முழம் அரக்கிப் போட்டான். இருக்கிறதே ரண்டு பரப்பு. விதானையாரிட்டைச் சொல்லுவமே?" பழைய வன்னியூர்ப் பேச்சும் வடபகுதிப் பேச்சாதலின் 'உவன்', 'சொல்லுவமே' போன்ற வடிவங்கள் அங்கே அந்நியமானவை அல்ல. ஆகவே வினைவிகுதிகளை வலிந்து மாற்றுவதாற் பயனில்லை. வன்னியின் காதில் ஒட்டாது நிற்பது பரப்பும் வேலியுமே. பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். தோட்டக்காணிகள் துண்டுபட்ட யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்பு ஒரு குடும்பத்தின் மானம். ஏக்கர்க் கணக்கில் வயல் செய்யும் ஊரில் அது கோபத்துக்குரிய அளவன்று.

வன்னியில் அதே கோபத்தைத் தாங்கும் பொருள் தண்ணீர். சிறுபோகத்தில் குளத்து நீரின் அளவுக்கேற்ப எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முன்கூட்டியே கூட்டத்தில் தீர்மானித்து, முறைவைத்து நீர் விடுவர். அம்முறையை ஒருவன் திருடுவது வேலியை அரக்குவதற்கு ஒப்பானது. ஆகவே மகன் இப்படிச் சொல்லலாம்: "எணேய் அம்மா, எங்கடை முறையிலை உவன் வாய்க்காலை மறிச்சுத் தன்ரை வயலுக்கு விட்டிட்டான். நெல்லு குடலையிலை நிக்குது." கதிர் வெளிவருமுன் தாளுக்குள் பொதிந்திருக்கும் பருவமே குடலை, அப்போது நீர் தவறினால் விளைச்சல் போய்விடும். பேச்சின் உருவம் ஏறத்தாழ அப்படியே இருக்க, வாழ்க்கைப் பொருள் மாறியமையால் உரையாடல் வன்னிக்கு உரியதாயிற்று. இதற்குப் பதிலாக மகனின் ஒவ்வொரு வாக்கியத்திலும் காட்டையும் தேனையும் உடும்பையும் புகுத்துவோர் உண்டு. அவ்வாறு செய்யின் வன்னியான் காட்டுமனிதன் என்ற பழைய ஏளனமே மேடையேறும்.

அதே வாய்க்காலின் கடைமடையில் 1977 இன் பின் வந்த மலையகக் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொண்டால் சிக்கல் கூடும். "நேத்து ராத்திரி எங்க பக்கம் தண்ணி வரவே இல்லீங்க" என்று அக்குடும்பத்து முதியவர் கூறுவது இயல்பானதே. ஆனால் 'ங்க' என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டி, அவரைப் பணிந்து குழையும் உருவமாக்கினால், 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லை மேடை வேறுவகையில் உச்சரித்ததாகிவிடும். மரியாதை விகுதி யாரிடம் பேசும்போது வருகிறது, யாரிடம் வருவதில்லை என்பதே கவனிக்கவேண்டியது. தண்ணீர் பங்கிடும் அலுவலரிடம் 'ங்க' சொல்பவர் தம் மனைவியிடம் அவ்வாறு பேசமாட்டார். வன்னியிலே பிறந்து பள்ளி சென்ற அவருடைய பேரன் தோழனிடம் "அவை வந்தவை" என்றும், வீட்டில் "அவங்க வந்தாங்க" என்றும் பேசக்கூடும். இவ்விரு வடிவங்களும் ஒரு காட்சியில் இடம்பெற்றால், மூன்று தலைமுறையின் வரலாறு விளக்கவுரையின்றியே புலப்படும்.

கேலியாகிவிட்டதா என்பதை ஒத்திகையிலேயே அறியலாம். சிரிப்பு எழுந்த வாக்கியத்தை வேறொரு பாத்திரத்தின் வழக்கில் சொல்லிப் பார்க்கவேண்டும். சிரிப்பு நிலைத்தால் அது நிகழ்ச்சியிற் பிறந்தது. மறைந்தால் அது ஒலியை எள்ளிப் பிறந்தது. அந்தப் பேச்சுக்கு உரியவரையே ஒத்திகைக்கு அழைத்து, அவர் எவ்விடத்தில் முகஞ்சுளிக்கிறார் என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது.

எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பதையும் ஏற்கவேண்டும். துலாவையும் பனையையும் ஆதாரமாகக் கொண்டெழுந்த பழமொழிக்கு வன்னியில் நிகர்ச்சொல் தேடி அலைவதைவிட, அப்பாத்திரத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவராக ஆக்கிவிடுதல் நன்று. கிளிநொச்சி மண்ணில் அத்தகையோர் புனைவல்லர். அவர் தம் பழமொழியோடு தண்ணீர்க் கூட்டத்தில் எழுந்து நிற்கலாம். அருகிலே முள்ளியவளையாரும் மலையகத்தாரும் தத்தம் தமிழில் அவருக்கு மறுமொழி கூறலாம். மூவரின் பேச்சும் வேறுபட்டிருந்தும், கேட்போரின் செவி சொல்லப்படும் நியாயத்தின்மேல் நிற்குமாயின், இடமாற்றம் நிறைவெய்தியது எனலாம்.