ஜெர்மனி: வாடகை ஒப்பந்தம் இருந்தும் வீட்டு உரிமையாளரின் கடிதம் ஏன் தேவை?

ஜெர்மனியில் வீடு கிடைச்சாச்சு, வாடகை ஒப்பந்தமும் கையில் இருக்கு. வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க இது போதும்னு நினைக்கிறீங்களா? பொதுவாக முதலில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு 2015 நவம்பர் முதல் வீட்டு உரிமையாளரின் உறுதிக் கடிதம் கட்டாயம். ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது.

கடிதத்தில் உரிமையாளரின் பெயர், முகவரி, நீங்கள் குடியேறிய வீட்டின் முகவரி, குடியேறிய தேதி, குடியேறிய அனைவரின் பெயர்கள் இருக்க வேண்டும். வாடகைத் தொகை தேவையில்லை. நண்பர் வாடகைக்கு எடுத்த வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், அந்த நண்பரே கையெழுத்திடலாம்.

அக்டோபர் 1-ல் குடியேறினால், 15-க்குள் பதிவு செய்யணும். உரிமையாளர் கடிதம் தர மறுத்தால் காத்திருக்காதீங்க. உடனே பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை.

குடியிருக்காத முகவரிக்குக் காசு கொடுத்துக் கடிதம் வாங்காதீர்கள். அப்படிக் கடிதம் தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கப்படலாம்.