தமிழில் எழுதிய முறையீடு

மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் தமிழில் சொன்ன குறை, மேலிடத்தை அடைந்தபோது வேறு மொழியில் இருந்தது. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்தை அடுத்துக் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் அமர்த்தப்பட்டார். கூலியும் குடியிருப்பும் பற்றித் தொழிலாளர் அவரிடம் முறையிட்டனர். ஆயினும் அவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கை ஆங்கிலத்தில் அமைந்தது. இடையில் எவரோ ஒருவர் குறையைக் கேட்டுச் சுருக்கியாக வேண்டும். அந்த இடைவழி இன்றும் அடைபடவில்லை.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், கைத்தொலைபேசியில் தமக்கு வேண்டாத பாட்டுச் சேவையை மார்ச்சு 4ஆம் நாள் நிறுத்தினார். ஆனாலும் ஏப்ரல், மே, சூன் ஆகிய மூன்று மாதமும் 12 வெள்ளி 90 காசு பிடிக்கப்பட்டது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழகிய தமிழில் இரண்டு பக்கம் எழுதினார். முறையீட்டு எண் உடனே வந்தது. பத்து நாள் கழித்து, கட்டண விவரங்களைப் பொதுவாக விளக்கும் மலாய் மடல் ஒன்று வந்தது. முறையீடு முடிக்கப்பட்டதாகவும் அதில் கண்டிருந்தது. அவர் குறித்த நாளோ தொகையோ அம்மடலில் இல்லை. கடிதம் உரியவர் கண்ணில் படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

“தம்பி, என் தமிழில் பிழையா?” என்று கேட்டார். பிழை தமிழில் இல்லை. தொலைபேசியில் விசாரித்தபோது பணியாளர் பதிவைப் படித்துக் காட்டினார்: ‘கட்டணம் குறித்து வாடிக்கையாளருக்கு மனநிறைவு இல்லை.’ இரண்டு பக்கம் அந்த ஒரு வரியாகிவிட்டது. சேவையை நிறுத்திய செய்தி உதிர்ந்துவிட்டதால், பணத்தைத் திருப்பித் தரும் பிரிவுக்குப் போகவேண்டியது பொது விசாரணையில் விழுந்துவிட்டது. அடுத்து எடுத்துப் பார்ப்பவர் மூலக் கடிதத்தைத் தேடுவதில்லை; சுருக்கத்தையே படிக்கிறார்.

சட்டத்தைக் காட்டி வாதிடவும் இடமில்லை. 1963/67ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம் அரசு அலுவல்களைப் பற்றியது. தனியார் நிறுவனம் தமிழில் மறுமொழி தரவேண்டும் என்று அது கூறவில்லை.

ஆகவே சுருக்கத்தை நாமே எழுதினோம். பழைய முறையீட்டு எண்ணைத் தலைப்பில் இட்டு, மலாயில் நான்கே வரி: கணக்கு எண், சேவையை நிறுத்திய நாளும் அதற்கு வந்த உறுதிச் செய்தியும், பிடித்த தொகை மொத்தம் 38 வெள்ளி 70 காசு, அதைத் திருப்பித் தருக. புதிய எண்ணில் அனுப்பினால் முதற்கடிதத்தின் நாள் கணக்கில் வராமற் போகலாம். தமிழ்க் கடிதத்தை விட்டுவிடலாமா என்று நான் தயங்கினேன். பெரியவர் ஒப்பவில்லை, அதையும் கீழே இணைத்தோம். அது நல்லதாயிற்று. நிறுத்திய பிறகும் சேவை தானாகவே புதுப்பிக்கப்பட்ட விவரம் அதில்தான் இருந்தது. தமிழறிந்த பணியாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, அந்த ஒன்றைப் பற்றி மட்டும் தொலைபேசியில் கேட்டார்.

அடுத்த மாதக் கட்டணத்தில் 38 வெள்ளி 70 காசு கழிக்கப்பட்டிருந்தது. மறுமொழி மலாயில்தான் வந்தது.