கெல்லி சூத்திரம்

வெல்லும் வாய்ப்பும் வென்றால் கிடைக்கும் தொகையும் தெரிந்தால், கைமுதலில் எத்தனை பங்கை ஒரு தடவையில் பணயம் வைக்கலாம் என்று சொல்லும் கணக்கு இது. p வெல்லும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு, b ஒரு ரூபாவைப் பணயம் வைத்து வென்றால் வரும் இலாபம் எனக் கொண்டால், வைக்கவேண்டிய பங்கு

f = p − q/b

விடை சுழியமாகவோ அதற்குக் கீழாகவோ வந்தால் அந்தப் பேரத்தைத் தொடவே கூடாது.

சூத்திரத்தை 1956இல் வெளியிட்டவர் ஜோன் கெல்லி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இயற்பியலாளர். அவர் எடுத்துக்கொண்ட விடயம் சந்தை அல்ல, தொலைபேசிக் கம்பி. இரைச்சல் கலந்த கம்பி வழியாகப் பந்தய முடிவை முன்கூட்டியே அறியும் ஒருவர், அச்செய்தி சில வேளை பிழைக்கும் என்பதையும் அறிவார். அவர் தமது பணத்தை மிக வேகமாகப் பெருக்க எவ்வளவு வைக்கவேண்டும் என்று கெல்லி கேட்டார். பணம் பெருகக்கூடிய உச்ச வேகமும், குளோட் ஷனன் அதே கூடத்தில் வகுத்திருந்த செய்தி கடத்தும் வேகமும் ஒன்றாக அமைந்தன. செல்வத்தின் மடக்கையைக் கொண்டு இடரை அளக்கும் எண்ணம் 1738இல் டானியல் பேர்னூலியிடமே உண்டு. அதை அடுத்தடுத்து வரும் பேரங்களுக்குப் பொருத்தியதே கெல்லியின் ஆக்கம். அவர் 1965இல், 41ஆவது வயதில் காலமானார். சூத்திரத்தைச் சூதாட்ட மேசைக்கும் பின்னர் பங்குச் சந்தைக்கும் கொண்டுசென்றவர் கணித அறிஞர் எட்வேர்ட் தோர்ப். கெல்லியின் கட்டுரையை அவருக்குக் காட்டியவர் ஷனன்.

நூறில் அறுபது தடவை தலை விழும் நாணயம் ஒன்று. வென்றால் வைத்த அளவு இலாபம், தோற்றால் வைத்தது போகும். f = 0.6 − 0.4, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இப்படி வைத்தால் பணம் ஒரு சுண்டலுக்குச் சராசரியாக 2% வளரும். பாதியாக, பத்தில் ஒரு பங்கு வைத்தால் வளர்ச்சி 1.5%. பணயம் பாதியாகியும் வளர்ச்சியில் காற்பங்கே குறைகிறது. மறுபுறம், ஐந்தில் இரண்டு பங்கு வைப்பவரின் பணம், நாணயம் அவருக்குச் சாதகமாக இருந்தும், காலப்போக்கில் தேய்ந்தே போகும். உச்சிக்கு இப்பால் நிற்பவர் இழப்பது கொஞ்சம். வெகுதூரம் அப்பால் போனவர் முதலையே இழப்பார்.

வியாபாரிகள் முழு அளவை வைக்காமைக்கு முதற் காரணம் ஏற்ற இறக்கம். முழுக் கெல்லியில் ஆடுபவரின் கைமுதல் என்றாவது ஒருநாள் தொடக்கத் தொகையின் பாதிக்கு விழும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. அரைக் கெல்லியில் அது எட்டில் ஒன்று.

அதைவிடப் பெரிய காரணம், p என்ற எண் எவர் கையிலும் சரியாக இல்லை என்பது. செட்டிகுளத்தில் உளுந்து வாங்கிவைத்து விலை ஏறும்போது விற்கும் ஒரு வியாபாரியை எண்ணிப் பார்ப்போம். இலாபமும் நட்டமும் ஏறத்தாழச் சம அளவு. கொப்பியில் எழுதிய 100 பேரங்களில் 60 இலாபம். கணக்கு, 10 இலட்சம் ரூபா கைமுதலில் 2 இலட்சத்தை இழக்கத் துணியலாம் என்கிறது. ஆனால் 100 பேரங்களில் கிடைத்த அறுபதுக்குப் பின்னால் உண்மையான வீதம் 55 ஆகவும் எளிதில் இருக்கலாம். ஐந்து புள்ளி விலகல் அந்த எண்ணிக்கைக்கு வழக்கமானதே. உண்மை 55 என்றால், 2 இலட்சம் வீதம் வைக்கும் அவரது முதல் வளரவே வளராது. பல ஆண்டு உழைப்பும் நின்ற இடத்திலேயே நிற்கும். 1 இலட்சம் வைத்திருந்தால், அதுவே 55க்குரிய சரியான அளவாக இருந்திருக்கும். தப்பெண்ணத்துக்கு இடம்விட்டு வைப்பதுதான் அரைக் கெல்லியின் வேலை.

இங்கே 2 இலட்சம் என்பது வாங்கும் உளுந்தின் விலையல்ல, இழக்கக்கூடிய தொகை. புதியவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இது. பங்கு வாங்குபவர் 8% விழுந்தால் விற்றுவிடுவேன் என்று நினைத்து அளவைக் கணக்கிடுகிறார். மறுநாள் சந்தை 20% கீழே திறந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஒரே வேளையில் ஐந்து பயிர்களில் பேரம் வைத்திருப்பவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சூத்திரத்தைப் போடுவதும் ஆபத்தானது. காலபோக மழை பிழைத்தால் ஐந்தும் சேர்ந்தே அடிபடலாம்.

சாதகமான வாய்ப்பைத் தெரிந்துவைத்திருந்தும் மனிதர் எப்படி வைப்பர் என்பதை விக்டர் ஹகானியும் ரிச்சர்ட் டூயியும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். ஹகானி, 1998இல் கடன் மிகையால் சரிந்த எல்.டி.சி.எம். நிதியத்தை நிறுவியவர்களில் ஒருவர். 61 பேரிடம் தலா 25 டொலரும், 60% தலை விழும் கணினி நாணயமும், 30 நிமிடமும் கொடுத்தனர். வெல்லக்கூடிய உச்சவரம்பு 250 டொலர். பங்கேற்றோர் நிதி, பொருளியல் மாணவரும் நிதித்துறை இளைஞரும். 28% பேர் கையில் இருந்த எல்லாவற்றையும் தொலைத்தனர். ஐந்தில் ஒருவர் மட்டுமே உச்சவரம்பைத் தொட்டனர்.