‘பரோட்டா மாஸ்டர், 6 வருஷ அனுபவம்’ - வெளிநாட்டு கிச்சனுக்கு இந்த ரெஸ்யூம் போதுமா?

தூத்துக்குடியில் பரோட்டா கடைக்கு ‘நைட் கிளப்’னு பேரு. அப்படி ஒரு கடையில் ஆறு வருஷமா கல்லுல நிக்கிற ஒருத்தர், வளைகுடா ஹோட்டல் வேலைக்கு அப்ளை பண்றார்னு வெச்சுக்குவோம். ரெஸ்யூமில் ‘குக், 6 வருட அனுபவம், சவுத் இந்தியன், சைனீஸ், கான்டினென்டல்’ என்று ஒரே வரி. இதைப் படிக்கும் செஃப்புக்கு, இவரை எந்த அடுப்பில் நிறுத்தலாம் என்பதுதான் தெரியாது.

அவருக்குத் தேவை அளவு. ‘தினமும் 25 கிலோ மைதா, 80 கிராம் உருண்டையில் சுமார் 500 பரோட்டா. கிச்சனில் 5 பேர். கல்லும் சால்னாவும் என் பொறுப்பு’ என்று எழுதிப் பாருங்க. தண்ணீர், எண்ணெய் சேர்ந்தால் 25 கிலோ மைதா கிட்டத்தட்ட 40 கிலோ மாவாகும், கணக்கு இடிக்காது. கெத்துக்காக 2,000 பரோட்டான்னு போட்டால் ஒரு உருண்டை 20 கிராம்தான் வரும். செஃப் அங்கேயே சிரிச்சிடுவார்.

சமைத்துக் காட்ட முடியாத உணவு வகையை எழுதாதீங்க. இன்டர்வியூவில் டிரேட் டெஸ்ட் வைத்தால், கான்டினென்டல்னு எழுதினவரிடம் ஒயிட் சாஸ் கேட்பாங்க. அதைவிட, சீலா மீனை முள் நீக்கி ஃபில்லட் போடத் தெரியும், நண்டு, கணவாய் சுத்தம் பண்ணத் தெரியும் என்பது இந்தக் கடற்கரைப் பையனுக்கு நிஜமான பலம். சீலான்னு எழுதினா அங்கே புரியாது, ‘கிங்ஃபிஷ்’னு போடுங்க.

பதவியிலும் கவனம். பெரிய ஹோட்டல்களில் கமி 3, 2, 1, அதற்கு மேல் டெமி செஃப் டி பார்ட்டி, பிறகு ஒரு பிரிவுக்கே பொறுப்பான செஃப் டி பார்ட்டி என்று படிகள் உண்டு. அஞ்சு பேர் கிச்சனில் இருந்துகொண்டு ‘ஹெட் செஃப்’னு எழுதினால் நம்ப மாட்டாங்க. கடையில் கொடுத்த பதவியையும், அதில் என்ன செய்தீங்க என்பதையும் எழுதினாலே போதும்.

பலர் சறுக்குவது சுகாதாரச் சான்றிதழில். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எண் முதலாளியின் தொழிலுக்கு உரியது, உங்களுடையது இல்லை. உங்க பேரில் வேணும்னா, அதே அமைப்பின் ‘ஃபாஸ்டாக்’ பயிற்சியை முடிக்கணும். சான்றிதழ் எண்ணையும் அது காலாவதியாகும் தேதியையும் ரெஸ்யூமில் போடுங்க. ஆனா, அந்தந்த நாட்டுப் பயிற்சிக்கு இது மாற்று இல்லை. சிங்கப்பூரில் உணவைக் கையாள்பவர்கள் அங்குள்ள உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடிச்சே ஆகணும்.

துறைமுக ஊர் என்பதால் கப்பல் வேலையையும் கேட்பீங்க. அது தனி ரூட். 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் தேவைப்படும் கப்பலில் முழுத் தகுதி பெற்ற சமையல்காரர் இருக்கணும், வயது 18 நிரம்பியிருக்கணும். நைட் கிளப் அனுபவம் மட்டும் அங்கே செல்லாது.

கடைசியா ஒண்ணு. ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு emigrate.gov.in தளத்தில் பாருங்க. அவர் உங்க பேரில் அனுப்பும் ரெஸ்யூமின் காப்பியையும் கேட்டு வாங்குங்க. ‘5 ஸ்டார் அனுபவம்’னு அவர் ஒரு வரி சேர்த்திருந்தால், இன்டர்வியூவில் அதற்குப் பதில் சொல்லப்போறது நீங்கதான்.