தூக்கமே வரலையா... இல்ல 3 மணிக்கு முழிப்பு வந்துடுதா? டாக்டர் மாத்திரையை முடிவு செய்வது எப்படி?

ஒரே வீட்டில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குப் படுத்தால் 12 மணி வரை தூக்கம் வராது. வந்துவிட்டால் காலை வரை பிரச்னை இல்லை. கணவர் படுத்ததும் தூங்கிவிடுவார், ஆனால் 3 மணிக்கு விழித்தால் அவ்வளவுதான். மனைவிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சோல்பிடெம் மாத்திரையில் ஒன்றை கணவரும் போட்டுப் பார்க்கிறார். அப்பவும் 3 மணிக்கு முழிப்பு!

காரணம், அந்த மாத்திரை ரத்தத்தில் இருக்கும் நேரம். சாதாரண சோல்பிடெம் சுமார் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு 10 மணிக்குப் போட்டால், 3 மணி வாக்கில் ஏறக்குறைய கால் பங்குதான் மிச்சம். தூக்கத்தைத் தொடங்கி வைக்க இது போதும். பின்னிரவில் காவல் காக்க போதாது.

சரி, 3 மணிக்கு எழுந்து அப்போது ஒன்று போடலாமா? கூடவே கூடாது. இந்த மாத்திரை போட்டால் குறைந்தது 7 மணி நேரமாவது தூங்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் பைக் எடுக்கும்போதும் மருந்து உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். பெண்களின் உடலில் இது மெதுவாகக் குறைவதால்தான், 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவர்களுக்கான ஆரம்ப அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தது.

நடுவில் கலையும் தூக்கத்துக்கு டாக்டர்கள் யோசிக்கும் மருந்துகளே வேறு. மெதுவாகக் கரையும் சோல்பிடெம் ஒன்று. இன்னொன்று மிகக் குறைந்த அளவில், அதாவது 3 அல்லது 6 மி.கி. டாக்ஸெபின். மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு அதிக அளவில் தரப்படும் பழைய மருந்துதான் இது. இந்தச் சின்ன அளவில், நம்மை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினை மட்டும் பெரும்பாலும் தடுக்கிறது. பலன் அதிகம் தெரிவது பின்னிரவில். ஆனால் சிலவகை கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும், சிறுநீர் அடைத்துக்கொள்பவர்களுக்கும் இது ஆகாது.

அதற்கும் முன்னால் கணவரிடம் டாக்டர் சில கேள்விகள் கேட்பார். சத்தமாகக் குறட்டை விடுறீங்களா, நடுவில் மூச்சு நிக்குதுன்னு வீட்ல சொல்றாங்களா, காலையில தலை வலிக்குதா? ஆமாம் என்றால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்னையாக இருக்கலாம். சில தூக்க மாத்திரைகள் அதை இன்னும் மோசமாக்கும். ராத்திரி மது குடிப்பதும் இதே மாதிரிதான்: சீக்கிரம் தூங்க வைக்கும், இறங்கும்போது எழுப்பிவிடும். இவை எதுவுமே இல்லை என்றால்கூட, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை இல்லை. தூக்கப் பழக்கத்தை மாற்றும் சிபிடி-ஐ என்ற பயிற்சிதான்.

அதனால் டாக்டரிடம் போகும் முன், எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எப்போ தூங்கினீங்க, எப்போ முழிச்சீங்க என்று இரண்டு வாரத்துக்குக் குறித்து வைத்து எடுத்துட்டுப் போங்க. "தூக்கம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், எந்தப் பிரச்னை என்று அவருக்குத் தெரியாது.